தப்புக் கடவுச்சொல் போடுகிறவனுக்குப் பூட்டு, கணக்குக்காரருக்கு வழி

உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாத ஒருவரால், அதே ஒரு ரூபாயை உங்களையும் எடுக்கவிடாமல் செய்ய முடியும். அதற்கு உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. லாகின் பெயர் தெரிந்தால் போதும். வங்கியின் இணையப் பக்கத்துக்குப் போய் அந்தப் பெயரைப் போட்டு, வாய்க்கு வந்த கடவுச்சொல்லை மூன்று முறை அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் பணம் கட்ட நிற்கும் நேரத்தில் சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் உங்களுக்குக் கதவு திறக்காது.

பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு உரியவர் மீதே திரும்பும் இந்தக் கோளாறு பல இணையதளங்களில் இன்னும் இருக்கிறது. “மூன்று முறை தவறினால் கணக்கு முடங்கும்” என்ற விதியைப் பார்த்தால் நமக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள், தவறிழைத்தது யார் என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. கணக்குக்கு உரியவர் தவறினாலும், உலகின் மறுகோடியில் இருக்கும் ஒரு திருடன் தவறினாலும் தண்டனை ஒரே இடத்தில்தான் விழுகிறது. இதை மாற்ற முடியும். அதற்கான வழி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்ததுதான்.

தடையே இல்லாவிட்டால்

பூட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? 2009 ஜனவரியில் ட்விட்டர் நிறுவனத்துக்கு நேர்ந்தது அதற்குப் பதில். ஒருவர் கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்க்கும் ஒரு தானியங்கி நிரலை ட்விட்டரின் லாகின் பக்கத்தில் ஏவிவிட்டார். ஆயிரக்கணக்கான முயற்சிகள் போயின, எதுவும் அதைத் தடுக்கவில்லை. நிர்வாக அதிகாரம் கொண்ட ஒரு கணக்கின் கடவுச்சொல், அகராதியில் இருக்கும் சாதாரண ஆங்கிலச் சொல். அது பிடிபட்டதும் பல பிரபலங்களின் கணக்குகள் அவர் கைக்குப் போயின. அப்போது அதிபராகத் தேர்வாகி இன்னும் பதவியேற்காமல் இருந்த ஒபாமாவின் கணக்கிலிருந்து, 500 டாலருக்கு இலவச பெட்ரோல் வெல்லலாம் என்று ஒரு போலிச் செய்தி வெளியானது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதை விசாரித்தது. தவறான முயற்சிகள் ஓர் அளவைத் தாண்டியதும் நிர்வாகிகளின் கணக்கை நிறுத்திவைக்காதது ட்விட்டர் மீது அது சுமத்திய குறைகளில் ஒன்று.

ஆகவே வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். குறைத்தால் எவ்வளவு பலன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மக்கள் அதிகம் பயன்படுத்தும் 10,000 கடவுச்சொற்களின் பட்டியல் ஒருவரிடம் இருக்கிறது என்று கொள்வோம். வினாடிக்கு நூறு முயற்சி என்றால் 100 வினாடியில் பட்டியல் முடிந்துவிடும். மணிக்குப் பத்து முயற்சிதான் என்று கட்டுப்படுத்தினால் அதே பட்டியலுக்கு 1,000 மணி நேரம், கிட்டத்தட்ட 42 நாள் ஆகும். கடவுச்சொல் பட்டியலில் இல்லாமல், தற்செயலாகத் தேர்ந்த ஆறு சிறிய ஆங்கில எழுத்துகளாக இருந்தால்கூட வாய்ப்புகள் 30 கோடியைத் தாண்டும். மணிக்குப் பத்து வீதம் எல்லாவற்றையும் முயன்று முடிக்க 3,500 ஆண்டுகள் வேண்டும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மூன்று என்ற எண்ணில் எந்த மகிமையும் இல்லை. மூன்றுக்குப் பதில் பத்து முறை அனுமதித்தால் திருடனுக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் மிகச் சிறியது. ஆனால் பழைய கடவுச்சொல்லையும் புதியதையும் குழப்பிக்கொள்ளும் ஒரு முதியவருக்கு அது பெரிய ஆறுதல். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு கணக்கில் தொடர்ச்சியாக அனுமதிக்கக்கூடிய தவறுகளின் உச்சவரம்பாக 100-ஐ வைத்தது.

பூட்டு ஆயுதமாகும் விதம்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் இணையதளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 5,000 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1 முதல் 5000 வரையுள்ள உறுப்பினர் எண்தான் லாகின் பெயர். மூன்று முறை தவறினால் கணக்கு அரை மணி நேரம் பூட்டப்படும்.

இந்தச் சங்கத்தை முடக்க நினைப்பவன் எந்தக் கடவுச்சொல்லையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று தவறான முயற்சி என்றால் மொத்தம் 15,000. அரை மணிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் பூட்டு திறக்கவே திறக்காது. வினாடிக்கு எட்டு ஒன்பது கோரிக்கைகள்தான் இது. வீட்டு இணைய இணைப்பும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். கிளை அலுவலகத்துக்கு நேரில் போனால்தான் பூட்டு திறக்கும் என்று விதி இருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். அவன் ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூங்கப் போகலாம், மறுநாள் காலை 5,000 பேர் அலுவலக வாசலில் நிற்பார்கள்.

ஒரே ஒருவரைக் குறிவைக்கும்போது இது இன்னும் எளிது. ஏலம், வேலை விண்ணப்பம், சேர்க்கைக் கலந்தாய்வு போன்றவற்றில் கடைசி ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அந்த நேரத்தில் போட்டியாளரின் கணக்கைப் பூட்டிவைத்தால் போட்டி முடிந்தது. 2002-ல் பென்னி பிங்காஸ், தாமஸ் சாண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கடவுச்சொல் தாக்குதல்கள் பற்றி எழுதிய கட்டுரையில், இணைய ஏலத்தை வைத்தே இந்த ஆபத்தை விளக்கினார்கள்.

யாரும் திட்டமிடாமலேயே இது நடந்தும் இருக்கிறது. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு, அலுவலக வலைப்பின்னல்களில் நுழைந்து பக்கத்துக் கணினிகளின் கடவுச்சொற்களை ஒரு பட்டியலை வைத்து முயன்று பார்க்கும். அதன் நோக்கம் பரவுவதுதான். ஆனால் அது போட்ட தவறான முயற்சிகளால் ஊழியர்களின் கணக்குகள் கும்பலாகப் பூட்டிக்கொண்டன. கணக்குகள் காரணமில்லாமல் பூட்டப்படுவதையே அந்தப் புழு இருப்பதன் அறிகுறிகளில் ஒன்றாக மைக்ரோசாஃப்ட் பட்டியலிட்டது.

அவசர மருந்துகள் ஏன் பலிக்கவில்லை

முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, கணக்கை விட்டுவிட்டு ஐபி முகவரியைத் தடுப்பது. தப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதை மூடிவிடலாம் என்று தோன்றும். இது ஒற்றைக் கணினியிலிருந்து வரும் தாக்குதலை நிறுத்தும், அந்த அளவில் தேவையானதும்கூட. ஆனால் பெரிய தாக்குதல்காரர்கள், உரிமையாளருக்கே தெரியாமல் வசப்படுத்திய ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து வருவார்கள். ஒரு முகவரிக்கு ஒன்றிரண்டு முயற்சி என்று பங்கிட்டால் எந்த முகவரியும் வரம்பைத் தொடாது. மறுபக்கம், செல்பேசி நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. கல்லூரி விடுதியிலும் இதே கதை. அங்கே ஒரு முகவரியை மூடினால் ஒரு திருடனோடு நூறு நல்லவர்கள் வெளியே நிற்பார்கள்.

இரண்டாவது யோசனை, தவறுக்குத் தவறு பதிலைத் தாமதப்படுத்துவது. ஒரு வினாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று காத்திருப்பை இரட்டிப்பாக்குவார்கள். மனிதனுக்கு இது பரவாயில்லை. ஆனால் பன்னிரண்டு முறை இரட்டித்தால் காத்திருப்பு 4,096 வினாடியாகிவிடும். அது ஒரு மணி நேரத்துக்கும் மேல். பெயர்தான் தாமதம், நடப்பது பழைய பூட்டுதான். தாமதம் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி என்று வைத்தாலோ, திருடன் ஒரே நேரத்தில் நூறு இணைப்புகளைத் திறந்துவிடுவான். காத்திருக்கும் அந்த நூறும் சர்வரின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, கேப்சா. கோணலான எழுத்துகளைப் படிப்பதும் படங்களில் பேருந்தைத் தேடுவதும் பார்வைக் குறையுள்ளவர்களை வருத்துகிறது. காசு கொடுத்தால் இவற்றைத் தீர்த்துத் தரும் சேவைகளும் இருக்கின்றன. ஒரு வேகத்தடையாக இது உதவும், ஆனால் கதவாக நம்ப முடியாது.

தெரிந்த கருவிக்குத் தனிக் கணக்கு

கணக்கைப் பார்த்து எண்ணினால் உரியவர் மாட்டிக்கொள்கிறார், முகவரியைப் பார்த்து எண்ணினால் திருடன் தப்பிக்கிறான். இரண்டையும் விட்டு, இந்தக் கருவி இந்தக் கணக்குக்குள் இதற்கு முன் சரியாக நுழைந்திருக்கிறதா என்று கேட்பதே பிங்காஸும் சாண்டரும் காட்டிய பாதை. இணையப் பாதுகாப்புக்கான தன்னார்வ அமைப்பான ஓவாஸ்ப், இதைப் படிப்படியான நெறிமுறையாக வெளியிட்டிருக்கிறது. அதன் பெயர் டிவைஸ் குக்கி, அதாவது கருவியை அடையாளம் காட்டும் குக்கி.

ஒருவர் சரியான கடவுச்சொல்லோடு முதல் முறை நுழைந்ததும் இணையதளம் அவருடைய பிரவுசரில் ஒரு சிறு சீட்டை வைக்கிறது. அதில் மூன்று விவரங்கள் இருக்கும். அவருடைய லாகின் பெயர், அந்தச் சீட்டுக்கே உரிய ஒரு தற்செயல் எண், இவை இரண்டின் மீதும் இணையதளம் தன் ரகசியச் சாவியால் போட்ட முத்திரை. முத்திரை இருப்பதால் சீட்டை யாரும் போலியாகத் தயாரிக்க முடியாது. லாகின் பெயர் உள்ளே இருப்பதால் ஒருவருடைய சீட்டு இன்னொருவர் கணக்குக்குச் செல்லாது. திருடன் அதே தளத்தில் தனக்கென ஒரு கணக்கு வைத்து அதற்குச் சீட்டு வாங்கினாலும் உங்கள் கணக்கில் அது வெற்றுக் காகிதம்தான்.

இனி எண்ணிக்கை இரண்டாகப் பிரியும். சரியான சீட்டோடு வரும் முயற்சிகளின் தவறுகள் அந்தச் சீட்டின் பெயரில் மட்டும் எண்ணப்படும். சீட்டில்லாமல் வரும் எல்லா முயற்சிகளும், எந்த நாட்டிலிருந்து எத்தனை முகவரிகளில் வந்தாலும், அந்தக் கணக்கின் “தெரியாதவர்கள்” என்ற ஒரே தொகுப்பில் எண்ணப்படும். எந்தப் பக்கம் வரம்பைத் தாண்டுகிறதோ அந்தப் பக்கம் மட்டும் சிறிது நேரம் மூடும்.

நம் கூட்டுறவுச் சங்கத்துக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். வரம்பு பத்துத் தவறு, மூடும் நேரம் ஒரு மணி. உறுப்பினர் எண் 1047-க்குரியவர் தன் செல்பேசியில் வழக்கமாக நுழைகிறவர், சீட்டு அதில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு 200 வெவ்வேறு முகவரிகளிலிருந்து 1047-ஐக் குறிவைத்துத் தாக்குதல் தொடங்குகிறது. முகவரிகள் எத்தனை என்பது இங்கே பொருட்டே இல்லை. பத்தாவது தவறோடு தெரியாதவர்களின் வாசல் ஒரு மணி நேரத்துக்கு அடைபடுகிறது. 10.20-க்கு உறுப்பினர் தன் செல்பேசியில் நுழைகிறார். அவசரத்தில் இரண்டு முறை தவறாக அடித்து மூன்றாவது முறை சரியாகப் போடுகிறார். கணக்கு திறக்கிறது. வெளியே ஒரு தாக்குதல் நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தாக்குபவனுக்கு நாள் முழுக்க 240 முயற்சிதான் கிடைக்கும், உரியவரை வெளியே நிறுத்தும் பலமும் அவனிடம் இல்லை.

சீட்டு திருடுபோனால்? அது நுழைவுச் சீட்டு அல்ல. அதை வைத்திருப்பவருக்கும் கடவுச்சொல் வேண்டும். திருடனுக்குக் கிடைப்பது மேலும் பத்து வாய்ப்புகள் மட்டுமே, அதன் பிறகு அந்த ஒரு சீட்டு மட்டும் மூடப்படும். உரியவரின் வேறு கருவிகளில் இருக்கும் சீட்டுகளுக்கு எதுவும் ஆகாது.

சறுக்கும் இடங்கள்

இதைக் கட்டும்போது நுணுக்கங்களில் தவறினால் பலன் போய்விடும். முதலாவது, வாசல் மூடியிருக்கும்போது சர்வர் கடவுச்சொல்லைச் சரிபார்க்கவே கூடாது. “தவறானால் மூடியிருக்கிறது என்று சொல்வோம், சரியானதைப் போட்டவரை உள்ளே விடுவோம்” என்று இரக்கம் காட்டினால், திருடன் தன் முயற்சியைத் தொடர்ந்துகொண்டே இருப்பான். என்றாவது ஒருநாள் சரியானது விழும். அதே காரணத்தால், இல்லாத லாகின் பெயரைப் போட்டாலும் இருக்கும் பெயருக்குக் கிடைக்கும் அதே பதில்தான் வர வேண்டும். பதில் மாறினால், எந்தப் பெயர்கள் உண்மையானவை என்ற பட்டியலை நாமே அவன் கையில் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது, எண்ணுவதில் வரும் கோளாறு. ஒரே நொடியில் நூறு கோரிக்கைகள் வந்தால், நூறும் “இதுவரை தவறு பூச்சியம்” என்று படித்துவிட்டு உள்ளே போய்விடக்கூடும். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்கு முன்பே எண்ணிக்கையை ஏற்றிவிட வேண்டும், அந்த ஏற்றத்தில் இரண்டு கோரிக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதபடி தரவுத்தளம் பார்த்துக்கொள்ள வேண்டும். வரம்பு பத்தாக இருந்தும் ஒரே நிமிடத்தில் நாற்பது தவறுகள் பதிவேட்டில் தெரிந்தால் இந்தக் கோளாறு இருக்கிறது என்று அறியலாம்.

மூன்றாவது, நல்லவரின் கருவியே தவறை அடுக்குவது. அலுவலகத்தில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார், செல்பேசியில் உள்ள மின்னஞ்சல் செயலியோ பழையதையே விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இதற்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. வந்த தவறான கடவுச்சொல், அவருடைய சமீபத்திய பழைய கடவுச்சொல் இரண்டில் ஒன்றாக இருந்தால் அது தவறுக் கணக்கில் ஏறாது. ஒரே பழைய சொல் திரும்பத் திரும்ப வருவது மறதி, வெவ்வேறு சொற்கள் வருவது தாக்குதல் என்று பிரித்தறியும் புத்திசாலித்தனம் இது.

புதிய கருவியோடு வருகிறவருக்கு

இந்த முறையின் பலவீனம் ஒன்று உண்டு. தாக்குதல் நடக்கும் அதே நேரத்தில் 1047 உறுப்பினர் புதுச் செல்பேசி வாங்கி அதில் நுழைய முயன்றால் அவரும் தெரியாதவர்தான். குக்கிகளை அழித்துவிட்டவரும் பொது மையத்தின் கணினியில் உட்கார்ந்தவரும் அதே நிலையில் இருப்பார்கள். இவர்களுக்கென ஒரு பக்கவழி கட்டாயம் வேண்டும். பதிவுசெய்த மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு போகும், அதைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றினால் அந்தப் புதுக் கருவிக்குச் சீட்டு கிடைத்துவிடும். அலுவலகத்துக்கு அலையாமல் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

அந்தப் பக்கவழியையும் ஆயுதமாக்கப் பார்ப்பார்கள். இணைப்பைக் கேட்ட உடனேயே பழைய கடவுச்சொல் செல்லாது என்று வைத்தால், யாரோ ஒருவர் உங்கள் பெயரில் இணைப்பைக் கேட்டே உங்களை வெளியே தள்ளிவிடலாம். எனவே உரியவர் இணைப்பைத் திறந்து புதியதை அமைக்கும்வரை பழையது செல்லுபடியாக வேண்டும். ஒரே பெட்டிக்கு நூறு மின்னஞ்சல் குவியாமல் அனுப்பும் வேகத்துக்கும் வரம்பு வேண்டும்.

கணக்குக்கு ஒரு முயற்சி வீதம், ஒரே பிரபலமான கடவுச்சொல்லை 5,000 கணக்குகளிலும் போட்டுப் பார்க்கும் தாக்குதலை இது தடுக்காது. எந்தக் கணக்கிலும் ஒன்றுக்கு மேல் தவறு பதிவாகாததால் எந்த வாசலும் மூடாது. வேறெங்கோ கசிந்த உங்கள் கடவுச்சொல்லை அப்படியே கொண்டுவந்து முதல் முயற்சியிலேயே நுழைகிறவனையும் எண்ணிக்கை பிடிக்காது. முதல் வகையைக் கண்டுபிடிக்கத் தளம் முழுவதற்குமான தவறுகளின் விகிதத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக நூறு லாகினில் ஐந்து தவறும் தளத்தில் அது திடீரென ஐம்பதானால் யாரோ வலை வீசுகிறார்கள் என்று பொருள். இரண்டாவது வகைக்கு, கசிந்த கடவுச்சொற்களைப் பதிவின்போதே மறுப்பதும் ஓடிபி போன்ற இரண்டாவது சான்றும்தான் மருந்து.

இணையதளம் நடத்துகிறவர்களுக்கும் அதை எழுதித் தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேரில் வந்தால்தான் திறப்போம் என்ற நிரந்தரப் பூட்டை எடுத்துவிடுங்கள். தவறுகளைக் கணக்கின் பெயரில் மட்டும் எண்ணாமல் கருவியையும் சேர்த்து எண்ணுங்கள். உறுப்பினர் எண், செல்பேசி எண் போன்ற எவரும் யூகிக்கக்கூடியவற்றை லாகின் பெயராக வைத்திருந்தால் இதை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. நீங்கள் தவறாக எதுவும் அடிக்காமலே கணக்கு பூட்டப்பட்டதாகச் செய்தி வந்தால், அதில் உள்ள இணைப்பை அழுத்தாமல் தளத்தின் முகவரியை நீங்களே அடித்துப் போய்ப் பாருங்கள். உண்மையாகவே பூட்டியிருந்தால், யாரோ உங்கள் லாகின் பெயரை வைத்து முயன்றிருக்கிறார்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கடவுச்சொல்லை மறந்தவர் என்று உங்களை எழுதிக்கொள்ள விடாதீர்கள். தவறு செய்யாத உங்களைப் பூட்டியது அவர்களுடைய விதி, அதைத் திருத்த வேண்டியதும் அவர்கள்தான்.